தொழில் சந்தாக் கணக்கை மூடும் முன் இன்வாய்ஸ்களை எடுத்து வைப்பது எப்படி?

வடிவமைப்பு மென்பொருள், வீடியோ கூட்டச் சேவை, இணையதளத்துக்கான ஹோஸ்டிங், அலுவலக மின்னஞ்சல் என்று மாதாமாதம் கார்டிலிருந்து பணம் எடுக்கும் சந்தாக்கள் இன்று சின்னத் தொழில்களிலும் நான்கைந்து இருக்கின்றன. அதில் ஒன்று வேண்டாம் என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் செய்வது கணக்கையே அழித்துவிடுவது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் அந்தச் செலவுக்கு இன்வாய்ஸ் கேட்பார். அதை எடுக்க வேண்டிய இடத்துக்குள் நுழையும் வழி அப்போது இருக்காது.

இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் ஒரு சிறு தொழிலை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஃப்ரீலான்ஸருக்கும் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும். எங்கே மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ரத்து வேறு, அழிப்பு வேறு

சந்தாவை ரத்து செய்தால் அடுத்த மாதம் பணம் எடுப்பது நிற்கும். பெரும்பாலான சேவைகளில் உங்கள் லாகின் அப்படியே இருக்கும், பழைய பில்களும் பார்வைக்குக் கிடைக்கும். கணக்கை அழித்தால் லாகினே போய்விடும், அதோடு பில் பக்கமும் போகும். சட்டப்படி அந்த நிறுவனம் தன் நகலை வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நகலை உங்களுக்கு எடுத்துத் தரச் சொல்ல நீங்கள்தான் அந்தக் கணக்கின் உரிமையாளர் என்று நிரூபிக்க வேண்டும். அழித்த கணக்கின் மின்னஞ்சலை வைத்து அதை நிரூபிப்பது பெரும்பாடு.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பட்டியல், அடுத்து இறக்கம், அடுத்து சரிபார்ப்பு, அதன் பிறகு ரத்து, பிறகு சில வாரக் காத்திருப்பு, கடைசியில் அழிப்பு. காத்திருப்பு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். அதற்கான காரணம் கீழே எடுத்துக்காட்டில் தெரியும்.

பட்டியலை வங்கியிலிருந்து தொடங்குங்கள்

சேவையின் பில் பக்கத்தைத் திறந்து அங்கே தெரிவதையெல்லாம் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் காட்டாத இன்வாய்ஸ் எது என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தெரியாது. திட்டத்தை மாற்றியிருந்தால் பழைய திட்டத்தின் பில்கள் வேறு பகுதியில் இருக்கும். தனிநபர் கணக்கிலிருந்து டீம் கணக்குக்கு மாறியிருந்தால் பழையவை வேறு லாகினில் கிடக்கும். சில சேவைகளில் திரையில் முதலில் தெரிவது கடைசி ஒரு வருடம் மட்டும்தான். தேதி வரம்பை நாமாக மாற்ற வேண்டும்.

அதனால் வங்கி ஸ்டேட்மென்டையும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டையும் முதலில் எடுங்கள். அந்தச் சேவைக்குப் போன ஒவ்வொரு தொகையையும் தேதியோடு ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம் போதும்: இன்வாய்ஸ் எண், வரிக்கு முந்தைய தொகை, வரி. இப்போதைக்கு அவை காலியாக இருக்கட்டும். பணம் போயிருக்கிறது, கட்டம் காலியாக இருக்கிறது என்றால் தேட வேண்டியது அதுதான்.

ஒரு கணக்கை முழுசாக எடுத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே அமைத்தது. கோவையில் இரண்டு பேர் நடத்தும் ஒரு வடிவமைப்புத் தொழில், தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு உண்டு. 2024 ஆகஸ்ட் 12 அன்று ஒரு வடிவமைப்பு மென்பொருளுக்குச் சந்தா எடுத்தார்கள். விற்பவர் கர்நாடகத்தில் பதிவு செய்த இந்திய நிறுவனம். ஒருவருக்கு மாதம் ரூ.4,000, அதன் மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி ரூ.720, ஆக ரூ.4,720. வேறு மாநிலத்திலிருந்து வரும் சேவை என்பதால் ஐஜிஎஸ்டி. விற்பவரும் தமிழ்நாட்டில் இருந்திருந்தால் அதே ரூ.720 சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று 360 ஆகவும் 360 ஆகவும் பிரிந்திருக்கும்.

2025 ஜனவரி 27 அன்று இரண்டாவது ஆளையும் சேர்த்தார்கள். 2025 அக்டோபர் தொடக்கத்தில் இந்தச் சந்தா இனி வேண்டாம் என்று முடிவு செய்து பட்டியல் போட்டார்கள். கார்டு ஸ்டேட்மென்டில் இப்படி இருந்தது:

2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜனவரி வரை ஆறு முறை ரூ.4,720. ஜனவரி 27 அன்று ரூ.2,436.13. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டு முறை ரூ.9,440. மொத்தம் பதினைந்து பற்று, ரூ.1,06,276.13. நிதியாண்டுவாரியாகப் பிரித்தால் 2024-25க்கு ரூ.49,636.13, 2025-26க்கு ரூ.56,640.

நடுவில் வரும் அந்த 2,436.13தான் பலருக்கும் கணக்கில் தட்டுப்படாமல் போகும் தொகை. ஜனவரி 12 முதல் பிப்ரவரி 11 வரை 31 நாள். புதிய ஆள் சேர்ந்தது அதில் கடைசி 16 நாளுக்கு. 4,000ஐ 31ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் 2,064.52, அதற்கு வரி 371.61. இப்படி மாதத்தின் நடுவே ஆள் சேர்க்கும்போதும் திட்டத்தை உயர்த்தும்போதும் தனி இன்வாய்ஸ் ஒன்று பிறக்கும். மாதத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே இறக்கினால் இது விடுபடும்.

சேவையின் பில் பக்கத்தைத் திறந்தபோது இருந்தவை பன்னிரண்டு. மூன்று குறைகிறது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் பங்குதாரர் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் தனிநபர் திட்டமாக வாங்கியது, நவம்பரில்தான் நிறுவனத்தின் பெயரில் டீம் திட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள். அந்தப் பழைய லாகினில் நுழைந்ததும் மூன்றும் கிடைத்தன. வங்கிப் பட்டியல் இல்லாமல் தொடங்கியிருந்தால் அந்தப் பக்கத்தின் பன்னிரண்டே முழுசு என்று தோன்றியிருக்கும்.

எதை இறக்குவது

பில் பகுதி ஒவ்வொரு சேவையிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும். "Billing", "Invoices", "Billing history", "Orders", "Transactions" என்ற சொற்களைத் தேடுங்கள். டீம் கணக்கு என்றால் அட்மின் உரிமை உள்ளவருக்கு மட்டுமே அது தெரியும். சாதாரண உறுப்பினராக நுழைந்துவிட்டு பில்லே இல்லை என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

அங்கே இரண்டு விதமான கோப்பு கிடைக்கலாம். ஒன்று "Receipt" என்ற ரசீது. பணம் வந்தது என்று மட்டும் சொல்லும். இன்னொன்று "Tax Invoice". வரிக் கணக்குக்கு வேண்டியது இரண்டாவது. மின்னஞ்சலில் தானாக வந்து சேர்வது பல நேரம் ரசீது மட்டும்தான். மின்னஞ்சல்கள் எல்லாம் இருக்கின்றன என்ற தைரியத்தில் கணக்கை அழித்துவிட்டு, பிறகு திறந்து பார்த்தால் ஒன்றிலும் விற்பவரின் ஜிஎஸ்டி எண் இருக்காது. வருமான வரியில் செலவு காட்ட அந்த ரசீது ஓரளவு கைகொடுக்கும். ஜிஎஸ்டியில் இன்புட் கிரெடிட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, அது செல்லாது.

பிடிஎஃப் கோப்பை அதன் இறக்கப் பொத்தானை அழுத்தியே எடுங்கள். திரையில் திறந்து பிரிண்ட் கொடுத்து, அதை மறுபடி பிடிஎஃப் ஆகச் சேமிப்பது வேண்டாம். பல நிறுவனங்கள் இன்வாய்ஸில் டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன. பிரிண்ட் வழியாகப் போனால் புதிய கோப்பு உருவாகி அந்தக் கையொப்பத்தின் உயிர் போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதே கதி.

இறக்கிய ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பதினைந்தையும் வேகமாக இறக்கும்போது ஒரே கோப்பு இரண்டு முறை இறங்கியிருக்கும், அல்லது லாகின் காலாவதியாகி பிடிஎஃபுக்குப் பதில் வெற்றுப் பக்கம் இறங்கியிருக்கும். திறக்கும்போதே இன்வாய்ஸ் எண்ணையும் தொகையையும் எக்செல் கட்டத்தில் எழுதிவிடுங்கள். ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் இன்வாய்ஸின் மொத்தமும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும்.

இன்வாய்ஸின் உள்ளே பார்க்க வேண்டியவை

சிஜிஎஸ்டி விதி 46 ஒரு வரி இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீளமாகப் பட்டியலிடுகிறது. கணக்கை மூடப்போகும் ஒருவர் அதில் சிலவற்றைப் பார்த்தால் போதும்: விற்பவரின் பெயர், ஜிஎஸ்டி எண், உங்கள் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தேதி, வரிக்கு முந்தைய தொகை, வரி விகிதம், வரித் தொகை.

இவற்றில் அதிகம் தவறுவது உங்கள் ஜிஎஸ்டி எண்தான். சந்தா எடுக்கும் அவசரத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருப்போம். அது இல்லையென்றால் விற்பவர் உங்களை ஒரு சாதாரண நுகர்வோராகத்தான் தன் கணக்கில் எழுதுவார். விற்பவர்கள் உங்கள் எண்ணில் காட்டிய இன்வாய்ஸ்களை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் திரட்டித் தரும் பட்டியலான GSTR-2Bயில் அந்த இன்வாய்ஸ் வராது. 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் காட்டி உங்களுக்கு இப்படித் தெரியவந்த இன்வாய்ஸ்களுக்கு மட்டும்தான் கிரெடிட் எடுக்க முடியும். கையில் காகிதம் இருந்தாலும் அங்கே இல்லையென்றால் பயனில்லை.

உங்கள் எண் சேர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் அறிய இன்னொரு வழியும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள், வங்கி, காப்பீடு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இன்னொரு தொழிலுக்குத் தரும் இன்வாய்ஸை 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் இன்வாய்ஸாகப் பதிய வேண்டும். அதில் IRN என்று 64 எழுத்துகள் கொண்ட நீண்ட குறியீடு இருக்கும். பெரிய நிறுவனத்தின் பில்லில் IRN இல்லை என்றால் அவர்கள் உங்களை நுகர்வோராக எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். க்யூஆர் கட்டம் இருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். மிகப் பெரிய நிறுவனங்கள் நுகர்வோர் பில்லிலும் பணம் செலுத்த ஒரு க்யூஆர் போடுவது உண்டு. தேட வேண்டியது IRN.

கோவைக் கணக்கில் முதல் மூன்று இன்வாய்ஸும் பங்குதாரரின் சொந்தப் பெயரில் இருந்தன, ஜிஎஸ்டி எண் இல்லை. மூன்றுக்கும் சேர்த்து வரி ரூ.2,160. இங்கேதான் கணக்கு உயிரோடு இருப்பதன் பலன். பழைய லாகினிலிருந்தே உதவிப் பிரிவுக்கு எழுதி, நிறுவனப் பெயரும் எண்ணும் சேர்த்து இன்வாய்ஸைத் திருத்தித் தரக் கேட்கலாம். கேட்கும்போது மூன்று இன்வாய்ஸ் எண்களையும் தேதிகளையும், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழையும் இணைத்து அனுப்பினால் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

இதற்குக் காலக்கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் இன்வாய்ஸுக்கான கிரெடிட்டை அடுத்து வரும் நவம்பர் 30க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் எடுத்துவிட வேண்டும். 2024-25க்கு அது 2025 நவம்பர் 30. விற்பவரும் தன் கணக்கைத் திருத்த ஏறத்தாழ அதே கெடுதான். அக்டோபர் தொடக்கத்தில் கேட்டதால் இவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. டிசம்பரில் கேட்டிருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

விற்பவர் மறுத்துவிடவும் கூடும். பழைய மாதத்து இன்வாய்ஸைத் திருத்துவதில்லை என்பது பல நிறுவனங்களின் கொள்கை. அப்படியானால் அந்த ரூ.2,160க்கு கிரெடிட் எடுக்காதீர்கள். தொழிலுக்காகத்தான் வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால், அந்த மூன்று மாதமும் வரியையும் சேர்த்த முழு ரூ.4,720ஐயே வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். கிரெடிட்டையும் எடுத்து, வரியையும் செலவில் சேர்ப்பது மட்டும் ஆகாது.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு இந்தப் பகுதி முழுதும் தேவையில்லை. அவருக்கு வரியும் சேர்த்த மொத்தத் தொகையே செலவு. இன்வாய்ஸில் பெயர், தேதி, எதற்கான பணம் என்பது தெளிவாக இருந்தால் போதும். வருமான வரியில் 44ADA போன்ற உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுபவர்கள் செலவுக்குத் தனியாகக் கழிவு கேட்பதில்லை. ஆனால் ஜிஎஸ்டி பதிவும் வைத்திருந்தால் இன்புட் கிரெடிட்டுக்கு இன்வாய்ஸ் வேண்டும். வருமான வரிக்குத் தேவையில்லை என்பதை வைத்து இன்வாய்ஸே தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்

டாலரில் பில் போடும் சேவைகள் நிறைய. அங்கே இன்வாய்ஸ் பார்க்கும் முறையே மாறும்.

நீங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த வெளிநாட்டு நிறுவனம் வரி சேர்க்காது. ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே ஐஜிஎஸ்டி கட்டி, நீங்களே ஒரு இன்வாய்ஸ் எழுதி வைத்து, பிறகு கிரெடிட் எடுக்க வேண்டும். உங்கள் சொந்த இன்வாய்ஸுக்கு ஆதாரம் அவர்களின் இன்வாய்ஸ். எண்ணைக் கொடுக்காமல் வாங்கியிருந்தால் அவர்களே 18 சதவீதம் சேர்த்திருப்பார்கள். அந்த இன்வாய்ஸில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் 99 என்று தொடங்கும். வெளிநாட்டிலிருந்து இணையச் சேவை தருபவர்களுக்கான பதிவு எண் அது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் 99ல் தொடங்கும் இன்வாய்ஸைக் கண்டால், அதில் உள்ள வரிக்கு கிரெடிட் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும்.

டாலர் இன்வாய்ஸோடு கார்டு ஸ்டேட்மென்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சேமிப்பது கட்டாயம். இன்வாய்ஸில் 20 டாலர் என்று இருக்கும், ரூபாயில் எவ்வளவு போனது என்பது ஸ்டேட்மென்டில் மட்டும்தான் இருக்கும். அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணத்தை வங்கி தனி வரியாகக் காட்டியிருந்தால் அதையும் விடாதீர்கள். அதுவும் தொழில் செலவுதான். வங்கி ஸ்டேட்மென்டுகள் பெரும்பாலும் கடவுச்சொல்லோடு வரும். அதைத் திறக்கும் முறையை எக்செல் தாளில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து எந்தப் பிறந்த தேதி, எந்த நான்கு எழுத்து என்று நினைவிருக்காது.

இன்வாய்ஸோடு கூடவே எடுக்க வேண்டியது

இந்தச் செலவு தொழிலுக்கானதுதானா என்று யாராவது கேட்டால் இன்வாய்ஸ் மட்டும் பதில் சொல்லாது. டீம் கணக்கில் யார் யார் உறுப்பினர்கள் என்ற பக்கத்தையும், எந்தத் திட்டம், என்ன விலை என்று காட்டும் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். இங்கே ஸ்கிரீன்ஷாட் போதும். இரண்டாவது ஆளை ஜனவரி 27 அன்று சேர்த்ததாகச் சொன்ன மின்னஞ்சலையும் இதோடு வைத்தால் அந்த 2,436.13க்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

ரத்து செய்த பிறகும் பில் வரும்

இப்போது ரத்து செய்யலாம். அதற்கு முன் பில் தொடர்பு மின்னஞ்சல் எது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் முகவரியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைசி இன்வாய்ஸ் அங்கேதான் போய்ச் சேரும்.

கோவைத் தொழிலில் அக்டோபர் 12 அன்று வழக்கம்போல ரூ.9,440 போனது. 14ஆம் தேதி ரத்து செய்தார்கள். அந்தச் சேவையின் விதிப்படி புதுப்பித்துச் சில நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். 20ஆம் தேதி கார்டில் ரூ.9,440 திரும்பி வந்தது. பலரும் இங்கே கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக் கணக்கை அழித்துவிடுவார்கள்.

ஆனால் ஜிஎஸ்டியில் இன்னும் முடியவில்லை. அக்டோபர் 12க்கு ஒரு இன்வாய்ஸ் உண்டு, அதில் வரி ரூ.1,440. பணம் திரும்பியதற்கு விற்பவர் ஒரு கிரெடிட் நோட் தர வேண்டும். இரண்டும் வேண்டும். இன்வாய்ஸை மட்டும் வைத்துக்கொண்டு கிரெடிட் எடுத்தால் ரூ.1,440 கூடுதலாக எடுத்ததாகும், பின்னாளில் வட்டியோடு திருப்பச் சொல்வார்கள். கிரெடிட் நோட் பெரும்பாலும் மின்னஞ்சலில் வராமல் பில் பக்கத்தில் மட்டும், சில நாள் தாமதமாகத் தோன்றும். பயன்பாட்டைப் பொறுத்துப் பணம் வாங்கும் க்ளவுட் சேவைகளில் இதற்கு நேர்மாறான நிலைமை இருக்கும். மாதம் முடிந்த பிறகுதான் கணக்கிடுவார்கள் என்பதால், ரத்து செய்த அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு கடைசி பில் வரும்.

விற்பவர்கள் ஒரு மாதத்தின் விற்பனையை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்கிறார்கள், உங்கள் GSTR-2B 14ஆம் தேதி உருவாகிறது. ஆக அக்டோபரின் இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் நவம்பர் 14 அன்றுதான் கண்ணில் படும். திருத்தித் தரக் கேட்ட மூன்று பழைய இன்வாய்ஸ்களும் அங்கே வந்தனவா என்று அன்றே தெரியும். அக்டோபர் மாத ரிட்டர்னை நவம்பர் 20க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் நடுவில் ஆறு நாள்தான். எதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் லாகின் இருப்பதால் உடனே கேட்கலாம். நான் சொல்லும் காத்திருப்பு இதுதான்: கடைசி இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் 2Bயில் தெரிந்து, எக்செல் தாளோடு ஒத்துப்போகும் வரை அழிக்க வேண்டாம்.

ரத்துக்கும் அழிப்புக்கும் இடையே பணம் எதுவும் போகாது என்பதைக் கணக்குப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். "Free" திட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றோ, "Cancelled" என்றோ இருக்க வேண்டும்.

மூடுவது அலுவலக மின்னஞ்சலையே என்றால்

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்றவற்றை மூடும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. மற்ற எல்லாச் சேவைகளின் இன்வாய்ஸும் அந்த அஞ்சல் பெட்டிக்குத்தான் வந்திருக்கும். பல சேவைகளில் அந்த மின்னஞ்சலைக் கொண்டேதான் உள்ளே நுழைவீர்கள். அதை மூடினால் ஒரு சந்தாவோடு பத்துச் சந்தாவின் பில் கதவும் அடைபடும்.

ஆகவே இதைக் கடைசியில் மூடுங்கள். முதலில் அந்த முகவரியில் பதிவாகியுள்ள ஒவ்வொரு சேவையிலும் புதிய மின்னஞ்சலை மாற்றுங்கள். அஞ்சல் பெட்டியில் "invoice", "receipt", "GST" என்று தேடினால் மறந்துபோன சேவைகளும் வெளியே வரும். அஞ்சல்களை மொத்தமாக எடுக்க கூகுளில் Takeout இருக்கிறது, mbox கோப்பாகத் தரும். அது ஒரு காப்புதான். அதிலிருந்து ஒரு பிடிஎஃபைப் பிரித்து எடுக்கத் தனி மென்பொருள் வேண்டும். வேண்டிய இன்வாய்ஸ்களைத் தனித்தனியாக இறக்கி வைப்பதற்கு அது மாற்றாகாது.

பெயர், இடம், எத்தனை வருடம்

கோப்புப் பெயரில் தேதி முதலில் வரட்டும், வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். அப்போது கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும்:

```
2024-25/2025-01-27_design_INV00731_2436.13.pdf
2025-26/2025-10-12_design_INV01188_9440.00.pdf
2025-26/2025-10-14_design_CN00092_-9440.00.pdf
```

ஃபோல்டர் நிதியாண்டுவாரியாக. சேவைவாரியாகப் பிரித்தால் ஆடிட்டர் ஒரு வருடத்தைக் கேட்கும்போது பத்து இடத்தில் தேட வேண்டும். எக்செல் தாளையும் ஸ்டேட்மென்டுகளையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு நகல் அலுவலகக் கணினியில், இன்னொன்று அதற்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில். மூடப்போகும் அதே சேவையின் டிரைவில் மட்டும் போட்டு வைப்பது எவ்வளவு வீண் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தும் அது அடிக்கடி நடக்கிறது.

எத்தனை வருடம் வைப்பது என்பதற்குச் சட்டத்திலேயே கணக்கு உண்டு. ஜிஎஸ்டியில், அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024-25க்கான கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் இன்வாய்ஸ்களை 2031 டிசம்பர் 31 வரை வைக்க வேண்டும். வருமான வரியில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதி 6F, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு வருடம் என்கிறது. 2024-25க்கு மதிப்பீட்டு ஆண்டு 2026 மார்ச் 31ல் முடிவதால் 2032 மார்ச் 31 வரை. இரண்டில் பின்னால் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கோவைக் கணக்கில் 2024-25 ஃபோல்டர் 2032 மார்ச் வரை, 2025-26 ஃபோல்டர் 2033 மார்ச் வரை. அந்தத் தேதியை ஃபோல்டர் பெயரிலேயே சேர்த்துவிடலாம். வழக்கோ மேல்முறையீடோ நடந்துகொண்டிருந்தால் அது முடிந்த பிறகும் வைத்திருக்க வேண்டியிருக்கும், ஆடிட்டர் சொல்லாமல் எதையும் நீக்க வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும், மேலே சொன்ன தேதிகளும் அதன்படிதான். 2026-27 முதலான ஃபோல்டர்களுக்குக் காலத்தைக் குறிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினாறு பற்று, அவற்றுக்குப் பதினாறு இன்வாய்ஸ், ஒரு திரும்பிய தொகை, அதற்கு ஒரு கிரெடிட் நோட். எக்செல் தாளில் எந்தக் கட்டமும் காலியாக இல்லை, ஒவ்வொரு கோப்பும் வேறொரு கணினியிலும் திறக்கிறது என்று பார்த்த பிறகு அமைப்புகள் பக்கத்துக்குப் போய் "Delete account" பொத்தானை அழுத்துங்கள். அழித்துவிட்டோம் என்று அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலையும் அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பின்னால் ஒரு மாதம் தவறுதலாகப் பணம் எடுக்கப்பட்டால் வங்கியிடம் காட்ட அது வேண்டும்.